நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரே தலைப்பில் பேசப்போகிறோம். ஆள் மாறும்போது கதை அறுந்துபோகாமல் இருக்க என்ன செய்யலாம்?

தலைப்பை மூன்றாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டாக வீட்டில் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பீர்கள், அப்படித்தானே? நாங்களும் அதைத்தான் செய்தோம். ஹட்டனில் ஒரு விழா, மலையக மக்களின் வரலாறு, ஆளுக்கு ஐந்து நிமிடம். மூவரும் "எல்லோருக்கும் வணக்கம்" என்று தொடங்கி, "அடுத்தவரை அழைத்து விடைபெறுகிறேன்" என்று முடித்தோம். கீழே இறங்கியதும் ஒரு பெரியவர், "மூணு கூட்டத்துக்கு வந்த மாதிரி இருந்திச்சு தம்பி" என்றார். இன்னும் மறக்கவில்லை.

வேறொரு தோட்டத்தில் அதே பேச்சுக்கு மறுபடி கூப்பிட்டபோது, முதலில் மூட்டுகளை மட்டும் எழுதினோம். அதாவது ஒருவரின் கடைசி இரண்டு வசனங்களும் அடுத்தவரின் முதல் இரண்டு வசனங்களும். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான்.

பெரிய சிக்கல் கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையில். முதலாமவர் 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டதோடு முடிப்பார். அடுத்தவர் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டதில் தொடங்குவார். காலம் பின்னால் போவதால் கேட்பவர் அங்கேயே விட்டுவிடுவார். அந்தப் பின்னோட்டத்தை முதலாமவரிடமே கொடுத்துவிட்டோம்: "கோப்பி இலை துருப்பிடிப்பதற்கு இரண்டு வருடம் முந்தியே, லூல்கந்துரையில் 19 ஏக்கரில் ஒருவர் வேறொரு செடியை நட்டிருந்தார்." செடியின் பெயரைச் சொல்லாமல் நிறுத்திவிடுவார். அடுத்தவர் வணக்கம் இல்லாமல், "அந்தச் செடிதான் தேயிலை" என்று பிடித்துக்கொள்வார். இதே மாதிரி இரண்டாமவர் 1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் வாக்களித்ததோடு நிறுத்த, மூன்றாமவர் "அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது" என்று எடுத்தார். வணக்கமும் மூவர் பெயரும் தொடக்கத்தில் ஒரே தடவைதான்.

ஒத்திகையில் முழுப் பேச்சை இரண்டு தடவை பேசினோம், மூட்டுகளை இருபது தடவையாவது, மைக்கைக் கைமாற்றியபடியே. கடைசி வசனத்தில் குரலை இறக்கினால் முடிந்துவிட்டது என்று சனம் கைதட்டிவிடும், கதை அங்கே அறுந்துவிடும். அதனால் குரலை இறக்காமல் நிறுத்தப் பழகினோம். அடுத்தவர் ஒரு நிமிடம் முந்தியே பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். நேரம் போதாவிட்டால் நடுவில் வெட்டலாம், கடைசி வசனத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது. அடுத்தவர் அதற்காகத்தானே காத்து நிற்கிறார்!

மனப்பாடம் செய்தால் செயற்கையாக இருக்கும் என்று யாராவது வருவீர்கள். மனப்பாடம் அந்த நாலு வசனம்தான், மற்றதெல்லாம் சொந்தப் பேச்சு. பட்டிமன்றக்காரர்களும் கோபிக்க வேண்டாம், அங்கே கோர்த்துக் கொடுக்க நடுவர் இருக்கிறார்.

அன்று எங்கும் அறுபடவில்லை. ஆனால் முடிந்ததும் தந்த பிளேன்டீ வெறும் டஸ்ட். தேயிலை வரலாறு பேசிய எங்களுக்கே அதுதான். நல்ல தூள் எல்லாம் கப்பல் ஏறிவிடுகிறது, கொழுந்து பறிக்கிற எங்கள் அம்மாவும் டஸ்டைத்தான் குடிக்கிறார்.