ரெஸ்யூமேயில் இல்லாததை About பகுதியில் எழுதுங்கள்

கேள்வி: எனக்கு 16 ஆண்டு அனுபவம். அசெம்பிளி லைனில் 6, வெளியிலிருந்து வரும் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் 5, இப்போது சப்ளையர் தரப் பிரிவில் 5. லிங்க்ட்இனில் About எழுத உட்கார்ந்தால் ஒன்று ரெஸ்யூமே மாதிரி வருகிறது, இல்லையென்றால் தம்பட்டம் மாதிரி இருக்கிறது. கடைசியாக எழுதி அழித்த வரி: 'முடிவுகளை நோக்கி உழைக்கும், தலைமைப் பண்பு மிக்க தர நிபுணர். சப்ளையர் ரிஜெக்‌ஷனை 78% குறைத்தவர்.' ரெஸ்யூமேயையும் அந்த 78% பற்றிய குறிப்பையும் இணைத்திருக்கிறேன். எப்படித்தான் எழுதுவது?
— தரப் பொறியாளர் ஒருவர்

பதில்: நீங்கள் அழித்த வரியில் இரண்டு கோளாறு. 'தலைமைப் பண்பு மிக்க' என்பது மற்றவர் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது. அதை நாமே சொல்லிக்கொள்ளும்போதுதான் தம்பட்டமாகிறது. இன்னொன்று, 'குறைத்தவர்' என்று யாரோ மேடையில் உங்களை அறிமுகம் செய்வதுபோல முடித்திருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தை நீங்கள்தான் எழுதுகிறீர்கள் என்பது படிப்பவருக்குத் தெரியும். 'நான்' என்றே எழுதுங்கள்.

ரெஸ்யூமே சாயல் வருவதற்குக் காரணம் வேறு. எந்த வேலை, எத்தனை ஆண்டு, என்ன பதவி என்பதெல்லாம் அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, Experience பகுதியில் இருக்கிறது. அங்கே இல்லாதது ஒன்றுதான்: ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு ஏன் போனீர்கள் என்பது. அனுபவம் 15 ஆண்டைத் தாண்டியவர்களின் கதை பெரும்பாலும் அந்த மாற்றங்களில்தான் இருக்கும்.

அதனால் முதலில் About பெட்டியைத் திறக்காதீர்கள். ஒரு தாளில், வேலை மாறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'லைனிலிருந்து சோதனைப் பிரிவுக்குப் போனேன், ஏனென்றால்…' என்று தொடங்கி முடியுங்கள். 'ஏனென்றால் பதவி உயர்வு கிடைத்தது' என்று வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அந்த வேலை கையில் வந்தபோது எந்தப் பிரச்சினையைத் தீர்க்க முடியும் என்று நினைத்தீர்களோ, அது வர வேண்டும்.

உங்கள் ரெஸ்யூமேயைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது இது: ஒவ்வொரு முறையும் குறை பிறக்கும் இடத்தை நோக்கி ஒரு படி பின்னால் போயிருக்கிறீர்கள். லைனில் குறை தெரியும். சோதனைப் பிரிவில் அது பிடிபடும். சப்ளையரிடம்தான் அது உண்டாகிறது. இந்த ஒரு இழை கிடைத்துவிட்டால் மீதியெல்லாம் அதில் கோத்துக்கொள்ளலாம். மாறியதற்கு உங்கள் காரணம் வேறாக இருந்தால் அதையே வையுங்கள். கதை அழகாக இருக்கிறது என்பதற்காக இல்லாத காரணத்தை எழுதினால், நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியிலேயே அது கழன்றுவிடும்.

அடுத்து அந்த 78%. சதவீதம் மட்டும் நின்றால் அது எதிலிருந்து எதுவரை என்று யாருக்கும் தெரியாது. 9 பாகம் 2 ஆனாலும் 78%தான். உங்கள் குறிப்பில் இருக்கும் விவரம் அதைவிட எவ்வளவோ மேல்: 10,000 பாகத்துக்கு 90 திரும்பிக்கொண்டிருந்தது, 9 மாதத்தில் 20 ஆனது, அச்சு போதிய சூடேறும் முன்பே வார்த்ததுதான் காரணம். இதை அப்படியே சொன்னால் பெருமையடிப்பதாக ஒருவருக்கும் தோன்றாது, உங்களுக்கு வேலை தெரியும் என்பது மட்டும் தெரியும். எது உங்கள் கை, எது மற்றவர் கை என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் 'நான்' என்று எழுதினால் அளப்பதாகத் தோன்றும். எல்லாமே 'நாங்கள்' என்றால் நீங்கள் என்னதான் செய்தீர்கள் என்ற சந்தேகம் வரும்.

இதையெல்லாம் சேர்த்தால் இப்படி வரும்:

'லைன் நின்றால் எல்லோரும் லைனைப் பார்ப்பார்கள். கோளாறு பல நேரம் அங்கே இருக்காது. சில வாரம் முன்பு வேறொரு தொழிற்சாலையில் வார்த்த பாகத்தில் இருக்கும். அந்த இடத்தைத் தேடிப் போய்ச் சரிசெய்வது என் வேலை.

முதலில் அசெம்பிளி லைனில் இருந்தேன். பொருந்தாத பாகம் நம் வாசலைத் தாண்டி எப்படி உள்ளே வருகிறது என்று பார்க்கச் சோதனைப் பிரிவுக்கு மாறினேன். அங்கே பிடித்துத் திருப்பி அனுப்பினாலும் அடுத்த லோடில் அதே குறை வந்தது. அதனால் சப்ளையர் பக்கம் போனேன்.

ஒரு வார்ப்பு சப்ளையரிடமிருந்து 10,000 பாகத்துக்கு 90 திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பியவற்றை வார்த்த நேரப்படி பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை ஷிப்டின் முதல் மணி நேரத்தவை. அச்சு சூடேறும்வரை வரும் பாகங்களைத் தனியே ஒதுக்கலாம் என்றது அவர்களுடைய ஷிப்ட் மேற்பார்வையாளர். 9 மாதத்தில் 90 என்பது 20 ஆனது.

வார்ப்பு பாகங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்து சிரமப்படுகிறவர்கள் எழுதுங்கள், பேசலாம்.'

மேற்பார்வையாளரின் யோசனை என்ற விவரம் நான் சேர்த்தது. உங்கள் விஷயத்தில் அது யாருடையதோ, அவரைச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், பொறுப்பு போதும். பிறருக்கு உரியதைக் கொடுத்துவிடும் ஒரு வாக்கியம் இருந்தால், மற்ற வாக்கியங்களையும் படிப்பவர் நம்புவார்.

இந்த வரைவில் ஆண்டுக் கணக்கும் பதவிப் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மென்பொருள், சான்றிதழ் பட்டியலும் இல்லை; அவற்றுக்கு Skills, Licenses & certifications என்று தனி இடம் இருக்கிறது.

இனி பெட்டியைத் திறக்கலாம். 2,600 எழுத்துக்குறி வரை இடம் உண்டு, ஆனால் நிரப்ப வேண்டியதில்லை. மேலே உள்ள அளவு தாராளம். தமிழில் எழுதினால் ஒரு கணக்கு மாறும்: புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனித்தனிக் குறியாக எண்ணப்படுவதால், நாம் கண்ணால் எண்ணுவதைவிடச் சீக்கிரம் இடம் தீரும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து இங்கே கிடையாது. பத்திகளுக்கு இடையே ஒரு காலி வரி விடுங்கள், அதுவே போதும்.

பக்கத்துக்கு வருகிறவருக்கு முதல் சில வரிகள் மட்டுமே தெரியும். மீதி மடிந்திருக்கும், தட்டினால்தான் விரியும். அதனால் 'வணக்கம், என் பக்கத்துக்கு வரவேற்கிறேன்' என்று தொடங்கினால் கிடைத்த இடம் அதிலேயே போய்விடும். சேமித்த பிறகு போனில் உங்கள் பக்கத்தைத் திறந்து, மடிப்புக்கு மேலே என்ன நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் வேலை என்ன என்பது அதற்குள் வரவில்லையென்றால் முதல் பத்தியைச் சுருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் வெளியிடும் முன்பே முடித்துவிடுங்கள். சப்ளையரின் பெயரை எழுதாதீர்கள். பெயர் இல்லாமலே எந்த சப்ளையர் என்று துறையில் இருப்பவர் ஊகித்துவிடுவார் என்றால், எண்களை வெளியே சொல்ல அனுமதி உண்டா என்று உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 90, 20 இரண்டையும் எடுத்துவிட்டு முதல் மணி நேரம், அச்சின் சூடு என்ற பகுதியை அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.