கிரய ஒப்பந்தம்: பணமா, பத்திரமா? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

2023-ல் ஒரு மனைக்கு 40 லட்சம் பேசி, 10 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். ஆறு மாத கெடு. விலை ஏறியதும் உரிமையாளர், "ஒப்பந்தத்தில் இருப்பதுபோல் அட்வான்ஸை இரட்டிப்பாகத் தருகிறேன், விட்டுவிடுங்கள்" என்கிறார். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. அப்படிப்பட்ட தொகை பெரும்பாலும் பேச்சு தவறாமல் இருக்கப் போடும் பிடிமானம். பணம் கொடுத்துக் கழன்றுகொள்ளலாம் என்ற விருப்பத்தை விற்பவருக்குத் தரும் வாசகமாக இருந்தால் மட்டுமே நிலைமை வேறு. குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 23-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. 2018 அக்டோபர் 1 முதல், விற்கச் சொல்வதா, பணம் தரச் சொல்வதா என்பது நீதிபதியின் விருப்புரிமை அல்ல; நிபந்தனைகள் நிறைவேறினால் கிரயம் செய்துதர உத்தரவிட்டே ஆக வேண்டும்.

நிபந்தனைகளில் பலர் சறுக்குவது ஒன்றில்தான்: பாக்கியைக் கொடுத்துக் கிரயம் பெற ஆரம்பம் முதல் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்களா? 30 லட்சத்தைக் கட்டாகக் காட்ட வேண்டாம். கெடுவுக்குள் அந்தப் பணம் உங்கள் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததை பேங்க் பாஸ்புக், டெபாசிட் ரசீது, கடன் அனுமதிக் கடிதம் காட்ட வேண்டும். "இந்தத் தேதியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள்" என்று கெடு முடியுமுன் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் விருப்பத்துக்குச் சாட்சி. இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் தோற்ற வழக்குகள் ஏராளம்.

கெடு முடிந்து இரண்டரை வருடமாகிறது. வழக்குப் போட மூன்று வருடம் உண்டாமே?

உண்டு, ஆனால் அதை நம்பிச் சும்மா இருப்பது ஆபத்து. மதுரை வீடு ஒன்றுக்கு 60,000 ரூபாய் பேசி 5,000 கொடுத்தவர், இரண்டரை வருடம் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. இடையில் விலை மும்மடங்காகிவிட்டது. 1997-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் கிரயம் மறுத்தது (வித்யானந்தம் எதிர் வைரவன்). அது பழைய சட்டத்தின் தீர்ப்பு. ஆனாலும் நீண்ட மௌனம் உங்கள் விருப்பத்தைச் சந்தேகிக்க வைக்கும். இன்றே நோட்டீஸ் அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவில்லை. செல்லாதா?

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் பதிவு கட்டாயம்தான். ஆனாலும் கிரயம் கேட்கும் வழக்கில் பதிவில்லாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கலாம் என்று ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது. பாதிப்பு வேறு பக்கம் வரும். உரிமையாளர் அதே இடத்தை வேறொருவருக்கு விற்றால், முழு விலை கொடுத்து, உங்கள் ஒப்பந்தம் தெரியாமல் வாங்கியவரிடமிருந்து இடத்தை மீட்க முடியாது. பதிவு செய்திருந்தால் அது வில்லங்கச் சான்றில் வந்திருக்கும். அவர் தெரியாது என்று சொல்ல முடியாது. அப்படி இடம் கைநழுவினால் பணமாவது வர, வழக்கு மனுவிலேயே அட்வான்ஸைத் திருப்பித் தரும்படி மாற்றுப் பரிகாரமாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது.

தீர்ப்பு என் பக்கம். அடுத்து?

தீர்ப்பில் சொன்ன நாளுக்குள் பாக்கியைக் கட்டிவிடுங்கள். தவறினால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யும்படி விற்பவர் 28-வது பிரிவில் மனு போடலாம். பணம் புரட்ட நாளாகும் என்றால் கெடு முடியுமுன் அவகாசம் கேளுங்கள். நீங்கள் கட்டியும் அவர் கையெழுத்திட வராவிட்டால், நிறைவேற்று மனு மூலம் நீதிமன்றமே அவர் சார்பில் கிரயப் பத்திரம் எழுதித் தரும்.