நாலாவது ஸ்டெப் சேர்ந்ததும் உப்பும் கெப்பாசிட்டர்

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை நடத்துகிறோம். டிரான்ஸ்ஃபார்மர் 500 கேவிஏ. ட்ரம்களுக்கு டிரைவ் போட்ட பிறகு 200 கேவிஏஆர் பேனலில் கெப்பாசிட்டர்கள் உப்பி வீணாகின்றன. ரியாக்டரோடு புதுப் பேனல் என்றால் விலை அதிகம் சொல்கிறார்கள். கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: போதாது. புதுக் கெப்பாசிட்டரும் அதே வழியில்தான் போகும். டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொள்ளும். அந்த இடத்தில் டிரைவின் ஹார்மானிக்ஸ், அதாவது 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் அது உண்டாக்கும் கரண்ட், வந்து விழுந்தால் கரண்ட் பல மடங்கு பெருகும்.

அது எந்த இடம் என்று நீங்களே கணக்குப் போடலாம். டிரான்ஸ்ஃபார்மர் நேம்பிளேட்டில் இம்பீடன்ஸ் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 500-ஐ 0.05-ஆல் வகுத்தால் 10,000. அதைக் கெப்பாசிட்டர் அளவால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 50 ஹெர்ட்ஸின் எத்தனையாவது மடங்கில் ஒத்ததிர்வு என்பது கிடைக்கும். பேனல் ஒவ்வொன்றாகச் சேர்க்கும் கெப்பாசிட்டர் ஸ்டெப் ஒவ்வொன்றும் 50 என்றால், ஒன்று ஓடும்போது 14, இரண்டுக்கு 10, மூன்றுக்கு 8.2, நாலும் சேர்ந்தால் 7.07. சாதாரண ஆறு பல்ஸ் டிரைவ் உண்டாக்குவது 5, 7, 11, 13 என்ற வரிசை. நாலாவது ஸ்டெப் சேர்ந்ததும் நேரே ஏழில் போய் நிற்கிறீர்கள். மூன்றோடு நிறுத்தினாலும் நிம்மதி இல்லை. மின்வாரிய லைனின் இம்பீடன்ஸும் சேர்ந்தால் அந்த 8.2, 7-ஐ நோக்கி இறங்கும்.

சரிபார்க்க, ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டரை ஒரு ஸ்டெப்பின் வயரில் போடுங்கள். 440 வோல்ட்டில் 50 கேவிஏஆர் எடுக்க வேண்டியது 66 ஆம்பியர். ட்ரம்கள் ஓடும்போது 85-ஐத் தாண்டினால் அது கெப்பாசிட்டர் தாங்கும் எல்லைக்கு மேல்.

அப்புறம் அளவு. 300 கிலோவாட், ஹார்மானிக்ஸ் சேராத பவர் ஃபேக்டர் 0.84 என்றால், 0.98-க்குக் கொண்டுவர சுமார் 133 கேவிஏஆர் வேண்டும். 150 போதும். ஹார்மானிக்ஸால் குறையும் பகுதியைக் கெப்பாசிட்டர் சரிசெய்யாது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 250 விற்க வருவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கொட்டேஷனில் 7 சதவீத ரியாக்டர் கேளுங்கள். அதன் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸ். டிரைவின் முதல் ஹார்மானிக் 250-இல் இருப்பதால் மோதாது. ஆனால் ரியாக்டர் சேர்ந்தால் கெப்பாசிட்டர் மேல் வோல்டேஜ் 440-லிருந்து 473 ஆக ஏறும். அதனால் 440 வோல்ட் கெப்பாசிட்டர் வேண்டாம், 525 வாங்குங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 525 வோல்ட்டில் 50 என்று எழுதியது உங்கள் லைனில் 38 மட்டுமே தரும். முழு 50 கிடைக்க 66 வாங்க வேண்டும். "440 வோல்ட்டில் பேனல் வெளியே தரும் கேவிஏஆர்" என்று எழுதி வாங்குங்கள்.

பழைய ரியாக்டர் இல்லாத கெப்பாசிட்டர் எதையும் அதே பஸ்பாரில் விட்டுவைக்காதீர்கள். ஒன்று இருந்தாலும் ஒத்ததிர்வு திரும்பும். ரியாக்டர் சூடாகும், எனவே பேனலில் ஃபேன் இருக்க வேண்டும். ரியாக்டர் சுருளில் உள்ள தெர்மல் ஸ்விட்ச் வயர் கான்டாக்டர் காயிலுக்குப் போகிறதா என்று டெலிவரி எடுக்கும்போதே கதவைத் திறந்து பாருங்கள்.