நோட்டீஸில் ‘நீங்கள்’ எங்கே, ‘நாங்கள்’ எங்கே?

கேள்வி: மரச்செக்கு எண்ணெய்க் கடை தொடங்கியிருக்கிறேன். நோட்டீஸில் “நாங்கள்” என்று எழுதியிருந்தேன். ஏஜென்சிக்காரர் எல்லாவற்றையும் “நீங்கள்”, “நாம்” என்று மாற்றிவிட்டார். படித்தால் ஏதோ ஒட்டவில்லை. எதை வைக்கலாம்?

பதில்: ஒரு வாக்கியத்தில் வேலையைச் செய்வது யாரோ, அவரை முன்னால் வையுங்கள். எண்ணெய் ஆட்டுவதும் பணத்தைத் திருப்பித் தருவதும் உங்கள் பொறுப்பு. அங்கே “நாங்கள்” வர வேண்டும். “பிடிக்காவிட்டால் 7 நாளுக்குள் கொண்டுவாருங்கள், பணத்தைத் தந்துவிடுகிறோம்” என்றால் படிப்பவருக்கு யாரைக் கேட்பது என்று தெரியும். “பணம் திரும்ப வழங்கப்படும்” என்று எழுதினால் வழங்குகிற ஆள் காணாமல் போய்விடுகிறார். தமிழில் “-கிறோம்” என்ற முடிவே போதும், “நாங்கள்” என்று வரிக்கு வரி எழுதத் தேவையில்லை.

வாங்குபவர் செய்து பார்க்கக்கூடிய இடத்தில் “நீங்கள்” வரட்டும். “3 தலைமுறையாகத் தரமான எண்ணெய் வழங்கிவருகிறோம்” என்பதை யாரும் சோதிக்க முடியாது. “பாட்டிலை இரண்டு நாள் அசைக்காமல் வைத்துப் பாருங்கள், அடியில் லேசாக வண்டல் தங்கும், செக்கு எண்ணெயில் அது இயல்பு” என்று எழுதினால், வண்டலைப் பார்த்துப் புகார் சொல்ல வந்திருப்பவர்கூட உங்களை நம்புவார். ஆனால் “நீங்கள் சாப்பிடுவது கலப்பட எண்ணெய்” என்று தொடங்காதீர்கள். சமைப்பவரைக் குற்றம் சொல்வது போலாகிவிடும்.

ஏஜென்சிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். பலர் ஆங்கில விளம்பரத்தை எடுத்து அப்படியே பெயர்க்கிறார்கள். “உங்கள் சமையலறையில் உங்கள் குடும்பத்துக்கு உங்கள் தேர்வு” என்று வருவது அதனால்தான். தமிழில் “வீட்டுச் சமையலுக்கு” என்றாலே அவர் வீடு என்று புரியும். அதற்குப் போய்ப் பணம் வாங்குகிறார்களே என்று எனக்கு எரிச்சல் வருகிறது.

அப்புறம் “நாம்”. படிப்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல் அது. ஆங்கிலத்தில் “நாம்”, “நாங்கள்” இரண்டுக்கும் ஒரே சொல்தான். அங்கே 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், நெருக்கத்தை எதிர்பார்க்காத வாடிக்கையாளரிடம் இப்படிச் சேர்த்துப் பேசியது எதிர்மறையாகப் போனது தெரிந்தது. உங்கள் கடை புதிது. முன்பின் தெரியாதவர் “நம் ஆரோக்கியம்” என்றால் ஒட்டாது. ஒரு விலக்கு உண்டு: ஊர்க் கூட்டுறவுப் பால் சங்கம். அங்கே பால் ஊற்றுகிறவரே உறுப்பினர். “நம் சங்கம்” என்பது உண்மை. அங்கேகூடப் பணம் எந்த நாளில் தருவோம் என்று அறிவிக்கும்போது நிர்வாகம் “நாங்கள்” என்றே சொல்ல வேண்டும். “நாம் தருவோம்” என்றால் தர வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒன்றாகிவிடுவார்கள்; தாமதமானால் கேள்வி கேட்க ஆளே இருக்காது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்படி, நிபந்தனைக் குறிப்பும் விளம்பரத்தில் சொன்ன அதே மொழியில் இருக்க வேண்டும். தெரு நோட்டீஸில் இதை யார் பார்க்கிறார்கள்? இருந்தாலும் ஏஜென்சி கீழே பொடி எழுத்தில் ஆங்கில வரி சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். 7 நாள் நிபந்தனையை மேலேயே, “-கிறோம்” என்று முடியும் வரியாக வைத்து அச்சுக்குக் கொடுங்கள்.