நோட்டீஸ் காலம் வீட்டிலா, வேலையிலா? மச்சானின் தவணை யார் தலையில்?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் உரம் விற்கும் கம்பெனியில் ஆறு வருடமாகச் சேல்ஸ் வேலை. அடிப்படைச் சம்பளம் 3,200 வெள்ளி, பயணப்படி 450, கமிஷன் மாதம் சுமார் 700. எஸ்டேட்காரர்கள் பணம் கட்டிய பிறகுதான் கமிஷன் வரும், அதற்கு இரண்டு மாதம் ஆகும். போட்டிக் கம்பெனிக்குப் போக ராஜினாமா கொடுத்தேன். இரண்டு மாத நோட்டீஸை வீட்டிலேயே கழிக்கச் சொல்கிறார்கள், கார்டன் லீவாம். மச்சான் லோரி வாங்க என் பெயரில் எடுத்த கடனுக்கு மாதம் 900 வெள்ளி கட்டுகிறேன். வேலைக்கு வந்தே தீருவேன் என்று அடம்பிடிக்கலாமா?

பதில்: அடம்பிடித்து உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சொக்சோ, வரி போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

வேலைக்குப் போனால் மொத்தம் 4,350 வெள்ளி. பயணப்படிக்கு இபிஎஃப் பிடிப்பதில்லை. மீதி 3,900-க்கு 11 விழுக்காடு, அதாவது 429 போனால் கையில் 3,921. எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்ற பெட்ரோலுக்கும் டயருக்கும் 350 ஆகும் என்று வைத்தால் 3,571 மிச்சம்.

வீட்டில் இருந்தால் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான், 352 போக 2,848 என்று நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள். ஆனால் இந்த இரண்டு மாதத்தில் வரவேண்டிய கமிஷன், நீங்கள் ஏற்கெனவே விற்ற உரத்துக்கானது. அது வந்தால் கையில் 3,471. வித்தியாசம் மாதம் நூறு வெள்ளி.

இன்னொன்றையும் கவனியுங்கள். நோட்டீஸ் காலத்தில் ஓடியாடி விற்றாலும், அதற்கான பணம் நீங்கள் வெளியேறிய பிறகுதான் கம்பெனிக்கு வரும். கமிஷன் கொடுக்கும் நாளில் ஊழியராக இருக்க வேண்டும் என்ற வரி பல ஒப்பந்தங்களில் உண்டு. உங்களுடையதில் இருந்தால் அந்த உழைப்பு வீண். அதே வரி கார்டன் லீவில் உங்கள் பக்கம் நிற்கும். வீட்டில் இருந்தாலும் கடைசி நாள் வரை நீங்கள் அவர்கள் ஊழியர்தான். இபிஎஃப் கட்ட வேண்டும், வருடாந்திர லீவும் சேரும்.

ஆகவே சண்டை போடுவதானால் எழுத்தில் போடுங்கள். நிலுவைக் கமிஷன் எந்தெந்த இன்வாய்ஸுக்கு, எப்போது வரும், பாக்கி லீவை இந்த இரண்டு மாதத்துக்குள் கழித்துவிடுவார்களா என்று ஈமெயிலில் கேளுங்கள். ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் இன்வாய்ஸ் எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பட்டியலைத் தொடாதீர்கள், அது வேறு வம்பு. வேலைச் சட்டத்தில் கார்டன் லீவுக்கென்று தனி விதி கிடையாது, எல்லாம் உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதில் அப்படி ஒரு வரியே இல்லையென்றால், பயணப்படியையும் சேர்த்துக் கேட்க உங்களுக்குப் பிடி இருக்கிறது.

கம்பெனி ஏன் சும்மா உட்காரவைத்துச் சம்பளம் தருகிறது? வேலையை விட்ட பிறகு போட்டியாளரிடம் போகாதே என்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் நம் நாட்டில் பொதுவாகச் செல்லாது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு அப்படி. ஊழியராக வைத்திருக்கும் வரைதான் அவர்களால் உங்களைத் தடுக்க முடியும். ஒருவேளை மனம் மாறி, நோட்டீஸுக்குப் பதில் 6,400 வெள்ளி தருகிறோம், இன்றே போ என்றால், அந்தப் பணத்துக்கு இபிஎஃப் கிடையாது. முதலாளி பங்கு 13 விழுக்காடு, இரண்டு மாதத்துக்கு 832 வெள்ளி போய்விடும், நிலுவைக் கமிஷனும் சந்தேகம். புதிய இடத்தில் மறுநாளே சேர முடிந்தால் மட்டும் சரி என்று சொல்லுங்கள்.

சரி, உங்களை உண்மையில் நெரிப்பது மச்சானின் 900 வெள்ளி. ஏற்ற இறக்கமுள்ள கமிஷனை நம்பி நிலையான தவணையை ஏற்றிருக்கிறீர்கள். புது வேலையிலும் முதல் கமிஷன் வர மாதக்கணக்கில் ஆகும், அப்போதுதான் குழி பெரிதாகும். லோரி ஓடுகிறது, செம்பனைக் குலை ஏற்றி மில்லுக்குப் போகிறது, வாடகை அவர் பையில் விழுகிறது. தவணை மட்டும் உங்களிடமா? இந்த மாதமே கூப்பிட்டு, தவணைத் தேதிக்கு மூன்று நாள் முன்பு 900 வெள்ளி உங்கள் கணக்கில் விழ வேண்டும் என்று சொல்லுங்கள். முழுதும் முடியாது என்றால் 600-இல் ஆரம்பிக்கட்டும். அக்கா வருத்தப்படுவார், தெரியும். கடன் உங்கள் பெயரில் என்பதால், தவறினால் கெடுவது உங்கள் பெயர்தான்.

அப்புறம், "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், என் லோரியை ஓட்டு" என்று அவர் கேட்டாலும் கேட்பார். கூலிக்கு ஓட்டாதீர்கள். வெளி வேலைக்குத் தடை ஒப்பந்தத்தில் இருந்தால், அதைக் காட்டியே சம்பளத்தை நிறுத்தப் பார்ப்பார்கள். இடைவெளியை அடைக்க பே லேட்டர் செயலியோ, இபிஎஃப் ஃபிளெக்ஸிபல் கணக்கோ வேண்டாம். நூறு வெள்ளிப் பள்ளத்துக்கு அதெல்லாம் எதற்கு?