கார்பிமசோலும் கார்பமசெபினும்

"மருந்துப் பட்டியலைத் தமிழில் எழுதினோம். கார்பிமசோல் கேட்டால் கார்பமசெபின் கைக்கு வருகிறது. என்ன செய்வது?"

முதலாவது தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு, இரண்டாவது வலிப்புக்கு. மாறினால் இரண்டு நோயும் கட்டுக்கடங்காது. தமிழில் முதல் மூன்று எழுத்துகளைப் பிரிப்பது ஒரு இகரக் கொக்கி மட்டுமே. அவசரத்தில் கண் அதைத் தாண்டிவிடும். ஆங்கிலத்தில் வேறுபடும் பகுதியைப் பெரிய எழுத்தில் காட்டுவார்கள், நமக்கு அது கிடையாது. அதனால் 'மசோல்', 'மசெபின்' என்ற வால்களைத் தடித்த எழுத்தில் போடுங்கள். பக்கத்திலேயே 'தைராய்டு', 'வலிப்பு' என்று எழுதுங்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அப்புறம் அளவு: கார்பிமசோல் பெரும்பாலும் 5, 10 மி.கி., மற்றது 100, 200. சீட்டில் 10 இருந்து கையில் 200 வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கொடுக்கும்போது, "எதற்குச் சாப்பிடுகிறீர்கள்?" என்று நோயாளியையே சொல்லவிடுங்கள்.