ஹாலோ பிளாக் யூனிட்: எந்த எண் தப்பினால் முதல் போகும்?

கேள்வி: சார், ஹாலோ பிளாக் யூனிட் போட 20 லட்சம் ஆகும். வருஷத்துக்கு 1.5 லட்சம் கல், ஒரு கல் 38 ரூபாய். சிமெண்ட், கிரஷர் தூள், கூலி சேர்த்து கல்லுக்கு 30 ரூபாய் செலவு. வாடகை, சம்பளம் வருஷம் 5 லட்சம். 5 வருஷம், 12% வட்டி போட்டால் நிகர தற்போதைய மதிப்பு 5.23 லட்சம் வருகிறது. இதில் எதைப் பார்த்து பயப்பட வேண்டும்?

பதில்: கணக்கு சரிதான் (வரியையும் கடைசியில் மெஷினை விற்றால் வரும் பணத்தையும் விட்டுவிட்டீர்கள், இப்போதைக்கு இருக்கட்டும்). எல்லாவற்றையும் 10% ஏற்றி இறக்கிப் பார்ப்பதைவிட, ஒவ்வொரு எண்ணும் தனியாக எவ்வளவு கெட்டால் அந்த 5.23 லட்சம் பூஜ்யமாகும் என்று தேடுங்கள். எக்ஸெலில் Goal Seek நொடியில் சொல்லிவிடும். ஒன்று மட்டும் கவனம், நிகர தற்போதைய மதிப்பைப் போடும் NPV ஃபார்முலா முதல் தொகையை ஒரு வருஷம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும், அதனால் C2 முதல் G2 வரை ஐந்து வருஷத்துக்கும் செலவு போக கையில் நிற்பதைப் போட்டு, 20 லட்சத்தை அதற்கு வெளியே கழியுங்கள்:

```
=NPV(12%,C2:G2)-2000000
```

உங்கள் எண்களில், மெஷின் உட்பட முதலீடு 26% கூடினாலும் கையைக் கடிக்காது. வாடகை, சம்பளம் 29% ஏறலாம். விற்பனை 12% குறையலாம், அதாவது வருஷத்துக்கு சுமார் 18,000 கல். ஆனால் விலை 38-லிருந்து 37.03-க்கு வந்தாலே கதை முடிந்தது. வெறும் 97 பைசா, 2.5%! மெஷின் விலைக்கு நாள் கணக்கில் பேரம் பேசுவோம், கல்லுக்கு ஒரு ரூபாயை மேஸ்திரி கேட்டதும் குறைத்துவிடுவோம்.

அதற்காக விலைதான் வில்லன் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சிமெண்ட் ஏறினால் பக்கத்து யூனிட்காரரும் விலையை ஏற்றுவார், ஆகவே விலையும் செலவும் பெரும்பாலும் சேர்ந்தே நகரும். நிஜமாக நீங்கள் காவல் காக்க வேண்டியது கல்லுக்கு நிற்கும் 8 ரூபாயை. சிமெண்ட் ஏறியும் விலையை ஏற்ற முடியாத மாதங்கள்தான் அதைத் தின்னும்.

ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பதில் ஒரு குறை உண்டு, கெட்டது தனியாக வராது. அதே சாலையில் இன்னொரு யூனிட் வருகிறது என்று வையுங்கள். விலை 37, விற்பனை 1.35 லட்சம் கல். விலை மட்டும் இறங்கினால் நஷ்டம் சுமார் 17,000 ரூபாய்தான், விற்பனை மட்டும் குறைந்தால் 90,000 ரூபாய் இன்னும் மிச்சம். இரண்டும் சேர்ந்தால்? 1.35 லட்சம் கல்லுக்கு 7 ரூபாய் வீதம் 9.45 லட்சம், அதில் நிலையான செலவு 5 லட்சம் போக கையில் 4.45 லட்சம். 5 வருஷத்துக்கு இதன் இன்றைய மதிப்பு 16.04 லட்சம், ஆக கிட்டத்தட்ட 4 லட்சம் நஷ்டம்.

இப்படி இன்னொரு யூனிட் வர உங்கள் பக்கத்தில் வாய்ப்பு இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது, கிரஷர்காரரைக் கேட்டால் யார் புதிதாக லோடு பேசுகிறார்கள் என்று சொல்வார். மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு மூன்று காண்ட்ராக்டர்களிடம், சிமெண்ட் மூட்டை விலை ஏறினால் கல் விலையும் இவ்வளவு ஏறும் என்று எழுதி வாங்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் 8-க்குப் பதில் 7 ரூபாய் போட்டு முழுக்கணக்கையும் மறுபடி ஓட்டுங்கள்.